தேவாரப் பாட்டுக்கு வந்த பொய்யான காப்பிரைட் கிளைம்: எதை, எப்படி மறுப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோயில் பாட்டுக் குழுக்கள் பல, பிரதோஷத்துக்கும் கந்த சஷ்டிக்கும் பாடியதைப் பதிவு செய்து யூடியூபில் போடுகின்றன. சந்தாதாரர் எண்ணிக்கை சில நூறுதான் இருக்கும். பாடுவது தேவாரம், திருப்புகழ் போன்ற நூற்றாண்டுகள் பழைய பாட்டு. ஆனாலும் பதிவேற்றிய சில நிமிடங்களிலேயே "உங்கள் வீடியோவில் காப்புரிமையுள்ள உள்ளடக்கம் இருக்கிறது" என்ற மின்னஞ்சல் வந்து விடுகிறது. உரிமை கொண்டாடுபவர் யாரென்று பார்த்தால், யாரும் கேள்விப்பட்டிராத ஒரு தியான இசைத் தொகுப்பின் பெயர் தெரியும்.

"ஆயிரம் வருஷப் பாட்டு, இதற்கு யார் உரிமை கொண்டாடுவது?" என்ற கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே மறுப்புப் படிவத்தில் எழுதினால் பெரும்பாலும் மறுப்பு நிராகரிக்கப்படுகிறது. எதிர்த் தரப்பு உரிமை கோருவது பாட்டுக்கு அல்ல, வேறொன்றுக்கு. அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த விவகாரத்தின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது.

## முதலில்: கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு

யூடியூபில் காப்புரிமைப் பிரச்சினை இரண்டு வழிகளில் வருகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஒன்று, தேவையில்லாமல் பயந்து வீடியோவை அழித்து விடுகிறார்கள்; அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்து விடுகிறார்கள்.

முதலாவது, கன்டென்ட் ஐடி கிளைம். இசை நிறுவனங்களும் அவர்களுக்காக வேலை செய்யும் விநியோகஸ்தர்களும் தங்கள் பதிவுகளை மாதிரிக் கோப்புகளாக யூடியூபிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியும் அந்த மாதிரிகளோடு இயந்திரத்தால் ஒப்பிடப்படுகிறது. பொருத்தம் தென்பட்டால் கிளைம் தானாகவே விழும். மாதிரியின் உரிமையாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும்: வீடியோ முடக்கப்படும், அல்லது அதில் விளம்பரம் ஓடி வருமானம் அவருக்குப் போகும், அல்லது பார்வை எண்ணிக்கை மட்டும் அவருக்குத் தெரியும். இதனால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழாது.

இரண்டாவது, நீக்கக் கோரிக்கை. இது சட்டப்படியான நோட்டீஸ். வீடியோ எடுக்கப்படும், சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே நீக்கப்படலாம்.

கோயில் சேனல்களுக்கு வருவது அநேகமாக முதல் வகைதான். "நாங்கள் பணம் சம்பாதிக்கவில்லையே, கிளைம் இருந்தால் இருக்கட்டும்" என்று விட்டு விடுபவர்கள் உண்டு. சேனலுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், கிளைம் போட்டவர் அதில் விளம்பரம் ஓட்டலாம். சுவாமி பாட்டுக்கு முன்னால் சூதாட்டச் செயலியின் விளம்பரம் வருவதைப் பாடியவர்களே பார்க்க நேர்வது இப்படித்தான். ஆகவே பணம் பிரச்சினை இல்லை என்றாலும் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

## ஒரு பாட்டில் மூன்று உரிமைகள்

ஒரு பக்திப் பாடல் பதிவில் மூன்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன.

சாகித்யம். திருஞானசம்பந்தரின் "தோடுடைய செவியன்" பதிகத்தை எடுத்துக் கொள்வோம். முதல் திருமுறையின் முதல் பதிகம், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எந்த நாட்டுச் சட்டத்திலும் இதன் சொற்களுக்கு இன்று யாரும் உரிமையாளர் இல்லை.

மெட்டு. இந்தப் பதிகத்துக்கு மரபில் சொல்லப்படும் பண் நட்டபாடை. ஓதுவார்கள் இதைக் கம்பீர நாட்டை ராகத்தில் பாடுவார்கள். பரம்பரையாக வரும் பண்ணிசைக்கும் உரிமையாளர் இல்லை. ஆனால் அதே பதிகத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் ஓர் இசையமைப்பாளர் புதிதாக மெட்டுப் போட்டு, இடையிசை சேர்த்திருந்தால், அந்த மெட்டும் இடையிசையும் அவருடைய படைப்பு. சொல் பழையது என்பதால் மெட்டும் பழையதாகி விடாது.

ஒலிப்பதிவு. பழைய சொல்லை, பழைய மெட்டில், நேற்று ஒருவர் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு அவருக்குச் சொந்தம். அதை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதே பாட்டை இன்னொருவர் தானே பாடித் தனியாகப் பதிவு செய்வதை அவரால் தடுக்க முடியாது.

சாகித்யம், மெட்டு ஆகியவற்றுக்கான காலக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். தென்னாப்பிரிக்காவில் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். இந்தியாவில் 60 ஆண்டுகள். 1970-ல் இறந்த ஓர் இசையமைப்பாளரின் மெட்டுக்கு தென்னாப்பிரிக்காவில் 2020 முடிவோடு காலம் முடிந்து விட்டது. இந்தியாவில் 2030 முடியும் வரை அது உயிரோடு இருக்கிறது. "டர்பனில் தெரிகிறது, சென்னையில் இருக்கும் அக்காவுக்குத் தெரியவில்லை" என்ற வகைக் குழப்பத்துக்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். இங்கே காலாவதியானது என்பது உலகம் முழுவதற்கும் போதுமான பதில் ஆகாது.

தேவாரத்தைப் பரம்பரைப் பண்ணில் பாடும்போது இந்தச் சிக்கல் எழாது. ஆனால் பஜனைக் குழுக்களில் "பழைய பாட்டு" என்று சொல்லப்படுபவற்றில் பல 1950-களுக்குப் பிறகு இசைத்தட்டில் வந்த மெட்டுகள். பாட்டி பாடிக் கேட்டது என்பதால் அது பொதுச் சொத்தாகி விடாது. மறுப்பு எழுதும் முன் பாட்டு எந்த வகை என்று நேர்மையாகப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

## பொய்க் கிளைம் எங்கிருந்து பிறக்கிறது

உரிமையில்லாத கிளைம் என்றாலே யாரோ திட்டமிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று பொருளல்ல. அப்படியும் நடப்பதுண்டு. தங்களுக்குச் சொந்தமில்லாத இசைக்கு உரிமையாளர்கள் என்று சொல்லிக் கன்டென்ட் ஐடி வழியாக 2 கோடி டாலருக்கும் மேல் சுருட்டியதாக, அமெரிக்காவின் அரிசோனாவில் 2021-ல் இருவர் மீது குற்றப்பத்திரிகை பதிவாகி, பின்னர் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தேவாரம் பாடும் சிறு சேனலுக்கு வரும் கிளைம்களுக்குப் பொதுவாகக் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்றுதான் காரணம். அது எது என்பதைக் கிளைம் காட்டும் நேர அளவிலிருந்தே ஓரளவு ஊகித்து விடலாம்.

1. சுருதிப் பொருத்தம். குழுவுக்குத் தம்புரா இல்லை. போனில் இருக்கும் தம்புராச் செயலியை ஸ்பீக்கரில் போட்டுப் பாடுகிறார்கள். அதே செயலியின் அதே சுருதியை வேறொருவர் தன் தியான இசைத் தொகுப்பில் பயன்படுத்தி, தொகுப்பு முழுவதையும் தன்னுடையது என்று கன்டென்ட் ஐடியில் சேர்த்து விட்டார். செயலி ஒரே ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அடையாளம்: கிளைம் விழுந்த பகுதியில் பாட்டே இருக்காது. தொடக்கத்தில் 30, 40 விநாடி, முடிவில் கொஞ்சம், அல்லது பாடகர் மூச்சு விடும் இடைவெளிகள் மட்டும் இருக்கும்.

2. மெட்டுப் பொருத்தம். குரல் வேறாக இருந்தாலும் மெட்டு ஒன்றாக இருப்பதை இயந்திரம் அடையாளம் காணும். ஒரு நிறுவனம் தன் தேவாரத் தொகுப்பின் இசையமைப்பு உரிமையையும் பதிவு செய்து வைத்திருந்தால், அதே பண்ணில் பாடும் எல்லோர் மீதும் கிளைம் விழலாம். அடையாளம்: கிளைம் பாடும் பகுதியில் விழும்; ஒலிப்பதிவு என்றில்லாமல் மெட்டு அல்லது இசைப் படைப்பு என்று வகை குறிக்கப்பட்டிருக்கும். உரிமையாளர் பட்டியலில் உரிமைச் சங்கங்களின் பெயரும் சேர்ந்து வரலாம். தென்னாப்பிரிக்காவில் நிகழ்த்துதல் உரிமைக்கு சாம்ரோ, பிரதி எடுக்கும் உரிமைக்கு காப்பாசோ என்ற அமைப்புகள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைப் பார்த்ததும் அரசாங்கமே வழக்குப் போட்டு விட்டதாக நினைக்க வேண்டாம்.

3. திருட்டுப் பதிவு. உங்கள் பழைய வீடியோவின் ஒலியை யாரோ இறக்கி, வேறு பெயரில் ஒரு விநியோகஸ்தர் மூலம் வெளியிட்டு விட்டார். இப்போது உங்கள் பாட்டே உங்கள் மீது கிளைம் ஆகிறது. அடையாளம்: முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை பொருத்தம், அந்தத் தொகுப்பின் வெளியீட்டுத் தேதி உங்கள் வீடியோவுக்குப் பிந்தையது, கேட்டால் உங்கள் மண்டபத்தின் எதிரொலியும் நடுவில் இருமியவரின் இருமலும் அதே இடத்தில் இருக்கும்.

முதல் வகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலருக்கும் உரிமம் கொடுக்கப்படும் ஒலித்துண்டுகளை, அதாவது லூப்புகளை, கன்டென்ட் ஐடியில் மாதிரியாகச் சேர்ப்பதை யூடியூபின் விதிகளே அனுமதிப்பதில்லை. தனியுரிமை இருப்பவற்றை மட்டும்தான் சேர்க்கலாம். ஆகவே சுருதிக்கு விழும் கிளைம், போட்டவர் நல்லெண்ணத்தோடு போட்டிருந்தாலும், விதிப்படி செல்லாதது. மறுப்பில் இதைச் சொல்லலாம்.

## ஒரு மாதிரி நிலைமை: ஒரு வீடியோ, இரண்டு கிளைம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு குழு "தோடுடைய செவியன்" பதிகத்தைப் பாடிப் பதிவேற்றியதாக வைத்துக் கொள்வோம். வீடியோ நீளம் 7 நிமிடம் 40 விநாடி. ஆறு பெண்கள் பாடுகிறார்கள். ஹார்மோனியம், மிருதங்கம், தாளம். சுருதி போன் செயலியிலிருந்து. மார்ச் 3-ஆம் தேதி இரண்டு கிளைம் வருகிறது. ஒன்று 0:00 முதல் 0:38 வரை, ஒரு தியான இசைத் தொகுப்பின் பெயரில். மற்றொன்று 0:52 முதல் 7:05 வரை, மெட்டு வகை, ஒரு பக்தி இசை நிறுவனத்தின் பெயரில்.

பார்க்கும் வழி. கணினியில் YouTube Studio-வைத் திறந்து, இடப்பக்கம் Content-ஐ அழுத்தினால் வீடியோக்களின் பட்டியல் வரும். Restrictions என்ற பத்தியில் Copyright என்று இருக்கும். அதன் மேல் சுட்டியை வைத்தால் See details தோன்றும். உள்ளே ஒவ்வொரு கிளைமுக்கும் யார் கோருகிறார், எந்த நேர அளவு, வீடியோவுக்கு என்ன பாதிப்பு என்று தனித்தனியாக இருக்கும். இந்தப் பக்கத்தை முதலிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் கிளைம் விலகி விட்டால் இந்த விவரங்களைத் திரும்பப் பார்ப்பது கடினம்.

அதே இடத்தில் அந்தப் பகுதியை வெட்டவும், ஒலியை அடக்கவும், வேறு இசையை மாற்றி வைக்கவும் யூடியூப் வழி காட்டும். கிளைம் உடனே போய்விடும் என்பதால் பலர் அதை அழுத்தி விடுகிறார்கள். மெட்டுக் கிளைமுக்கு அப்படிச் செய்தால் ஆறு நிமிடப் பாட்டு ஊமையாகி விடும். வீடியோவை அழித்து மறுபடி ஏற்றுவதும் பயனில்லை. அதே ஒலி அதே மாதிரியோடு மீண்டும் பொருந்தும்.

காரணத்தைத் தேர்ந்தெடுப்பது. மறுப்புப் படிவம் நான்கு காரணங்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: இது முழுக்க என் சொந்தப் படைப்பு, என்னிடம் உரிமம் இருக்கிறது, நியாயமான பயன்பாடு, பொதுச் சொத்து. பக்திச் சேனல்கள் சறுக்குவது இங்கேதான். பழைய பாட்டு என்பதால் எல்லாக் கிளைமுக்கும் Public domain என்று போட்டு விடுகிறார்கள். ஆனால் சுருதிக் கிளைம் போட்டவர் தேவாரத்துக்கு உரிமை கோரவே இல்லை. அவர் கோருவது தன் ஒலிப்பதிவுக்கு. "பதிகம் ஏழாம் நூற்றாண்டு" என்பது அவருக்குப் பதிலே அல்ல. "என் பதிவு போன வருடம் வெளியானது, பொதுச் சொத்தல்ல" என்று மறுப்பைத் தள்ளி விடுவார். சரியான கேள்விக்குச் சரியான பதில் இப்படி அமைய வேண்டும்:

1. சுருதிக் கிளைமுக்கு License. தம்புரா ஒலி உங்கள் படைப்பல்ல. செயலியின் விதிகள் தந்த அனுமதி உங்களிடம் இருக்கிறது. அந்த விதிகளை முதலில் படிக்க வேண்டும். சில செயலிகள் பதிவுகளில் பயன்படுத்த வெளிப்படையாக அனுமதிக்கும், சில பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் செயலியை உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் எழுதி இரண்டு வரி அனுமதி வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

2. மெட்டுக் கிளைமுக்கு Public domain. இங்கே தகராறு படைப்பைப் பற்றியது. சொல்லும் பண்ணும் பழையவை என்பதே நேரடிப் பதில்.

3. திருட்டுப் பதிவாக இருந்தால் Original content. சுருதியைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் பாடி, வாசித்து, பதிவு செய்தது.

நியாயமான பயன்பாடு என்பதைத் தொட வேண்டாம். அது பிறர் படைப்பை விமர்சனம், கற்பித்தல் போன்ற காரணத்துக்காக எடுத்துக் கொண்டதை ஒப்புக்கொண்டு வைக்கும் வாதம். நீங்கள் யாருடையதையும் எடுக்கவில்லை என்றால் அதைச் சொல்வது உங்கள் வாதத்தையே கெடுக்கும்.

எழுதும் வாசகம். ஒரே வீடியோவில் இரண்டு கிளைம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். மறுமுனையில் படிப்பவர் பல மொழிக் கோப்புகளை அன்றாடம் பார்க்கும் ஊழியராக இருக்கலாம். அவருக்குச் சம்பந்தரும் தெரியாது, நட்டபாடையும் தெரியாது. ஆகவே எளிய ஆங்கிலத்தில், சுருக்கமாக எழுத வேண்டும். மெட்டுக் கிளைமுக்கு நான்கு செய்திகள் போதும். பாட்டின் பெயர், ஆசிரியர், அது ஏழாம் நூற்றாண்டு என்பது முதல் வாக்கியம். பாடியது மரபான பண்ணில், எந்த நவீன இசையமைப்பும் இடையிசையும் பயன்படுத்தவில்லை என்பது இரண்டாவது. பதிவு எங்கே, எந்தத் தேதியில், யாரால் செய்யப்பட்டது என்பது மூன்றாவது. கிளைம் போட்டவர் தன் பதிவில் தான் சேர்த்த புதிய பகுதிக்கு மட்டுமே உரிமை கோர முடியும், அந்தப் பகுதி இந்த வீடியோவில் இல்லை என்பது நான்காவது. இந்த நான்காவது வாக்கியம் முக்கியமானது. அவர் உண்மையாகவே ஒரு புது இசையமைப்பு வைத்திருக்கலாம். அதை மறுக்காமல், அது இங்கே இல்லை என்று காட்டுவதே பலமான வாதம்.

கடவுள் பாட்டை விற்கலாமா, வெட்கமில்லையா என்பது போன்ற வாக்கியங்கள் மனதுக்கு ஆறுதல் தரும், மறுப்புக்கு உதவாது.

## நாள்கணக்கு

மறுப்பைக் கிளைம் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் சேனலுக்கு விளம்பர வருமானம் இருந்தால் முதல் 5 நாள் முக்கியம். அதற்குள் மறுத்தால் கிளைம் விழுந்த நாளிலிருந்து வரும் வருமானம் தனியே பிடித்து வைக்கப்பட்டு, ஜெயித்தவருக்குப் போகும். 5 நாள் கழித்து மறுத்தால் மறுத்த நாளிலிருந்து வருவது மட்டும் பிடித்து வைக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் மார்ச் 8-க்குள் மறுப்பது நல்லது.

குழு மார்ச் 6-ஆம் தேதி இரண்டையும் மறுக்கிறது. கிளைம் போட்டவருக்கு 30 நாள் அவகாசம். அதாவது ஏப்ரல் 5 வரை. அவர் கிளைமை விட்டுக் கொடுக்கலாம், இல்லை என்று நிலைநிறுத்தலாம், நேரடியாக நீக்கக் கோரிக்கையும் அனுப்பலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் கிளைம் தானாகவே காலாவதியாகிறது. சுருதிக் கிளைம்கள் பல இப்படி மௌனத்திலேயே முடிகின்றன. பொறுமையாக இருந்தால் போதும்.

மெட்டுக் கிளைம் மார்ச் 20-ல் நிராகரிக்கப்பட்டது என்று வைத்துக் கொள்வோம். நிராகரிப்பது யூடியூப் அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. மறுப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவர் கிளைம் போட்டவரே. ஆகவே முதல் நிராகரிப்பை நடுவர் தீர்ப்பாக எடுத்துக் கொண்டு சோர்ந்து போக வேண்டியதில்லை. அடுத்த படி மேல்முறையீடு. அதற்கு அவர் 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். குழு மார்ச் 22-ல் மேல்முறையீடு போட்டால் மார்ச் 29-க்குள் விஷயம் தெரிந்து விடும்.

வீடியோ முற்றிலும் முடக்கப்பட்டிருந்தால் முதல் மறுப்பைத் தாண்டி நேராக மேல்முறையீட்டுக்குப் போகும் Escalate to appeal என்ற வழி இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முடக்கப்பட்ட வீடியோவுக்கு 30 நாள் காத்திருப்பதற்குப் பதில் 7 நாள் என்பது பெரிய வித்தியாசம். ஆனால் அதில் ஒரு படியை விட்டுக் கொடுக்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேல்முறையீட்டுப் பொத்தான் சிலருக்குத் தெரிவதே இல்லை. சேனலின் அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் இருப்பது அதற்கு வழக்கமான காரணம். Settings, அதில் Channel, அதில் Feature eligibility என்று போனால் எந்த வசதி திறந்திருக்கிறது, எது இல்லை என்று தெரியும். இதைக் கிளைம் வரும் முன்பே முடித்து வைப்பது நல்லது; சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கலாம்.

## மேல்முறையீட்டில் இருக்கும் ஆபத்து

மேல்முறையீட்டுக்குப் பின் கிளைம் போட்டவரிடம் நடுவழி இல்லை. விட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது நீக்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும். இரண்டாவதைச் செய்தால் வீடியோ போகும், ஸ்ட்ரைக் விழும். சில சமயம் அவர் 7 நாள் தள்ளி அமலாகும் நீக்கக் கோரிக்கை அனுப்புவார். அந்த 7 நாளுக்குள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் இல்லாமல் தப்பலாம்.

எனவே மேல்முறையீடு போடும் முன் தனக்குத் தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதிவில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா? பின்னணி இசையை யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து போட்டுப் பாடியிருந்தால், கிளைம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே நிறுத்திக் கொள்ள வேண்டும். எல்லாமே மண்டபத்தில் வாசித்தது என்றால் தைரியமாகப் போகலாம்.

ஸ்ட்ரைக் விழுந்தால் கடைசி வழி எதிர் அறிவிப்பு. இது டி.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்படி கொடுக்கும் உறுதிமொழி. தவறுதலாக நீக்கப்பட்டது என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக, பொய்யானால் தண்டனைக்கு உட்பட்டு, சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் யூடியூப் அமைந்துள்ள கலிபோர்னியப் பகுதி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகவும் சொல்ல வேண்டும். முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எதிர்த் தரப்புக்குப் போகும். வீட்டிலிருந்து சேனல் நடத்தும் பெண்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் அவர்கள் சார்பில் கொடுக்கலாம். அதன் பிறகு எதிர்த் தரப்பு 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். தேவாரப் பதிகம் ஒன்றுக்காக அமெரிக்காவில் வழக்குப் போடுபவர் அரிது. ஆனாலும் நடக்கவே நடக்காது என்று எண்ணிக் கையெழுத்திடும் தாள் அல்ல இது.

## சான்றுகள்: எதை வைத்திருப்பது

முதலாவது, பதிவின் மூலக் கோப்பு. போனில் எடுத்ததென்றால் வெட்டாத, வாட்ஸ்அப்பில் அனுப்பாத அசல் கோப்பு. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கி விடும். அசல் பதிவு விவரங்களும் போய்விடும். தனித்தனி மைக்கில் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு டிராக்கும். குரல் டிராக்கைத் தனியாகக் காட்டக் கூடியவர் அந்தப் பதிவைச் செய்தவராகத்தான் இருக்க முடியும். திருடியவரிடம் கலந்த கோப்பு மட்டும்தான் இருக்கும். திருட்டுப் பதிவு விவகாரத்தில் இதை மிஞ்சிய சான்று கிடையாது.

இரண்டாவது, ஒரு சத்தியக் கூற்று. எந்தத் தேதியில், எந்த மண்டபத்தில், யார் யார் பாடினார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காவல் நிலையத்திலேயே இதை இலவசமாகச் செய்து கொடுப்பார்கள். யூடியூப் இதைக் கேட்பதில்லை. ஆனால் விநியோகஸ்தருக்கு எழுதும்போது இது பேச்சை மாற்றும்.

விநியோகஸ்தருக்கு எழுதுவது திருட்டுப் பதிவு வகையில் மறுப்பை விடவும் முக்கியம். மறுப்பில் ஜெயித்தால் அந்த ஒரு வீடியோவின் கிளைம் மட்டும் போகிறது. திருடிய கோப்பு மாதிரியாக உள்ளே அப்படியே இருக்கும். அடுத்த வருடம் அதே பாட்டின் பகுதியைப் போட்டால் மறுபடி விழும். கிளைமில் காணப்படும் பெயர் பெரும்பாலும் விநியோகஸ்தருடையதாகவே இருக்கும். அவர்களுக்குக் காப்புரிமைப் புகாருக்கென்று தனிப் படிவமோ மின்னஞ்சலோ இருக்கும். அதில் மூன்று கோரிக்கைகளைத் தெளிவாக வைக்க வேண்டும்:

1. இந்தக் கிளைமை விலக்க வேண்டும்.
2. கன்டென்ட் ஐடியிலிருந்து அந்த மாதிரிக் கோப்பை எடுக்க வேண்டும்.
3. எல்லா இசைத் தளங்களிலிருந்தும் அந்த வெளியீட்டை இறக்க வேண்டும்.

சுருதிக் கிளைமாக இருந்தால் இரண்டாவது கோரிக்கையோடு, எங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கவும் என்று கேட்கலாம். விநியோகஸ்தரால் குறிப்பிட்ட சேனல்களைத் தங்கள் கிளைமிலிருந்து விலக்கி வைக்க முடியும். அதே தம்புராவோடு வாரா வாரம் பதிவேற்றும் குழுவுக்கு இது பெரிய நிம்மதி.

## அடுத்த பதிவுக்கு முன்

சுருதி மட்டும் தனியாக ஓடும் நீண்ட தொடக்கத்தைக் குறைத்தால் சுருதிக் கிளைம் வெகுவாகக் குறையும். செயலியை ஸ்பீக்கரில் போட்டு மைக் வழியாக வரவிட்டால் மண்டபத்தின் எதிரொலியும் ஹார்மோனியமும் அதோடு கலந்து விடும். கேபிள் வழியாக நேரடியாகக் கலவையில் சேர்த்தால் சுத்தமான அதே ஒலித்துண்டு பதிவாகி, பொருத்தம் எளிதாகும். முடிந்தால் சுருதிப் பெட்டியையோ ஹார்மோனியத்தின் சுருதியையோ நேரில் வைத்துக் கொள்வது இன்னும் நல்லது.

வீடியோவின் விளக்கப் பகுதியில் பதிகத்தின் பெயர், திருமுறை எண், பண், பாடியவர்கள், பதிவுத் தேதி, சுருதி எங்கிருந்து வந்தது என்று பதிவேற்றும் நாளிலேயே எழுதி விடுங்கள். கிளைம் வந்த பிறகு எழுதியதை விட, அதற்கு முன்பே அங்கே இருந்ததற்கு மதிப்பு அதிகம். மறுப்பைப் படிக்கும் ஊழியர் வீடியோவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்த வரிகளைத்தான்.